ஏழாம் நம்பர் மெஷின் ஏன் ஏழு முறை நின்றது?

கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் பக்கத்தில் எந்த நூற்பாலையின் மெயின்டனன்ஸ் அறைக்குள் போனாலும் ஒரு நீள நோட்டைப் பார்க்கலாம். ஓரமெல்லாம் ஆயில் கறை படிந்திருக்கும். அட்டையில் ‘பிரேக்டவுன் ரிஜிஸ்டர்’ என்று எழுதியிருக்கும். எந்த மெஷின் எத்தனை மணிக்கு நின்றது, என்ன வேலை பார்த்தார்கள், என்ன ஸ்பேர் போட்டார்கள், எப்போது ஓட்டிவிட்டார்கள் என்பதை ஷிப்ட் பிட்டர் நாலு வார்த்தையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இப்போது சில மில்களில் இதே பதிவு கம்ப்யூட்டரிலோ செல்போன் ஆப்பிலோ ஏறுகிறது. எதில் ஏறினாலும் அந்த நாலு வார்த்தை நாலு வார்த்தைதான்.

மாதக் கடைசியில் மில் மேனேஜர் மூன்று கேள்வி கேட்பார். எந்தப் பழுது திரும்பத் திரும்ப வருகிறது? எத்தனை மணி நேரம் போச்சு? என்ன ஸ்பேர் செலவாச்சு? நூற்றுக்கணக்கான வரிகளிலிருந்து ஒரே பக்கத்தில் இதற்குப் பதில் எழுதித் தர வேண்டியது மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரின் வேலை. கேட்டால் எளிதான வேலையாகத் தெரியும், எண்ணிக் கூட்டினால் முடிந்துவிடாதா என்று. எண்ணிக் கூட்டினால் பெரும்பாலும் தப்பான பதில்தான் வரும். ஏன் அப்படி என்று காட்டுவதற்கு ஒரு கற்பனை மில்லை எடுத்துக்கொள்கிறேன். மில்தான் கற்பனை. அதன் பதிவுகள் எந்த ரிஜிஸ்டரைப் புரட்டினாலும் கண்ணில் படுகிற ரகம்.

மில்லில் இருபது ரிங் ஃபிரேம். ஒவ்வொன்றிலும் 1,200 ஸ்பிண்டில். ஓட்டுவது நாற்பதாம் நம்பர் நூல். இந்த நம்பரில் ஒரு ஸ்பிண்டில் எட்டு மணி நேர ஷிப்டில் சுமார் 120 கிராம் நூற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு ஃபிரேம் மணிக்கு 18 கிலோ. இந்த 18 கிலோவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றக் கணக்கெல்லாம் இதிலிருந்து வந்துவிடும்.

ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்தில் ரிங் ஃபிரேம் பகுதிக்கு மட்டும் நானூறு பதிவு இருக்கிறது. அதில் இருநூறு பதிவு டேப் அறுந்தது பற்றியது. ஸ்பிண்டில்களைச் சுற்றிவிடும் துணிப்பட்டைக்குத்தான் மில்லில் டேப் என்று பெயர். ஒரு டேப் நான்கு ஸ்பிண்டிலைச் சுற்றும். எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் போட்டால் முதல் இடத்தில் டேப்தான் நிற்கும். மேனேஜர் அதைப் பார்த்தவுடன் டேப் சப்ளை செய்பவரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார்.

ஆனால் டேப் அறுந்தால் மெஷின் நிற்பதில்லை. நான்கு ஸ்பிண்டில் மட்டும் நிற்கும், மிச்சம் 1,196 ஓடிக்கொண்டே இருக்கும். டாஃப் இறக்க எப்படியும் மெஷினை நிறுத்தத்தானே போகிறோம், அப்போது மாட்டிக்கொள்ளலாம் என்று பல இடங்களில் விட்டுவைப்பார்கள். ஒரு டேப் ஒரு மணி நேரம் அறுந்து கிடந்தால் போகும் நூல் 60 கிராம். இருநூறு டேப்பும் ஆளுக்கு ஒரு மணி நேரம் கிடந்ததாக வைத்தாலும் மூன்று மாதத்தில் போனது 12 கிலோ. ஒரே ஒரு ஃபிரேம் நாற்பது நிமிடம் நின்றால் அதே 12 கிலோ போய்விடும். ஆக, பட்டியலில் முதலில் நிற்கும் பழுது நஷ்டத்தில் கடைசி வரிசையில் இருக்கிறது. ரிஜிஸ்டரில் ‘டேப் மாற்றியது, 60 நிமிடம்’ என்பதும் ‘மோட்டார் மாற்றியது, 60 நிமிடம்’ என்பதும் ஒரே மாதிரி வரிகள். சுருக்கம் எழுதுபவர் முதலில் இந்த இரண்டையும் பிரிக்க வேண்டும். முழு மெஷின் நின்ற நேரம் ஒரு கணக்கு. மெஷின் ஓடிக்கொண்டே ஒரு பகுதி மட்டும் நின்ற நேரம் வேறு கணக்கு. இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுக் கூட்டினால் வரும் மொத்தத்துக்கு அர்த்தமே கிடையாது.

டேப்பை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பார்ப்போம். இப்போது இன்னொரு சிக்கல் வரும். ஒரே பழுதை ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதியிருப்பார்கள். ‘பெல்ட் கட்’ என்பார் ஒருவர், ‘வி பெல்ட் மாத்தியது’ என்பார் அடுத்தவர். மூன்றாமவர் மெஷின் எப்படித் தெரிந்ததோ அதை எழுதுவார்: ‘ஸ்பீடு கம்மி’. நான்காமவர் தான் செய்ததை எழுதுவார்: ‘டைட் செய்தது’. யாரும் பொய் எழுதவில்லை. ஒருவர் எழுதியது அறிகுறி, ஒருவர் எழுதியது பழுதான பாகம், இன்னொருவர் எழுதியது செய்த வேலை. காரணத்தை அநேகமாக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு மெஷினை ஓட்டிவிட வேண்டும் என்று நிற்கிற பிட்டர் காரணத்தை யோசித்துக்கொண்டு நிற்க முடியாது. அது அவர் குற்றமும் இல்லை.

எண்ணெய், எரிவாயு தொழிலில் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 14224 என்று ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது. பழுது வெளியே எப்படித் தெரிந்தது, பாகம் எந்த விதத்தில் கெட்டது, எதனால் கெட்டது என்று மூன்றையும் தனித்தனியாகப் பதியச் சொல்கிறது அது. நூற்பாலைக்கு அத்தனை பெரிய ஏற்பாடு வேண்டாம். பிட்டர் எழுதிய வரியைத் தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் மூன்று கட்டம் கூடுதலாகப் போட்டால் போதும். மெஷின் நம்பர், மெஷினின் எந்தப் பகுதி, எந்தப் பாகம். பகுதிக்கும் பாகத்துக்கும் இருபது முப்பது பெயருக்கு மேல் வேண்டாம். சில மில்களில் இருநூறு கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, ‘மற்றவை’ என்ற கோடிலேயே பாதிப் பதிவு விழுகிறதே என்று வருத்தப்படுகிறார்கள். இருநூறில் தேடிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?

பிட்டரின் வரியை அழித்துவிட்டுக் கோடை மட்டும் வைத்துக்கொள்வது பெரிய தவறு. ‘பெல்ட் டைட் செய்தது’ என்ற வரியைப் ‘பெல்ட் பழுது’ என்று மாற்றிவிட்டால், பெல்ட் மாற்றப்படவில்லை, இழுத்து மட்டும் கட்டப்பட்டது என்ற செய்தி தொலைந்துபோகும். நம் கதையில் அந்த ஒரு செய்தியில்தான் விஷயமே இருக்கிறது.

கட்டங்களை நிரப்பிவிட்டு மெஷின் வாரியாக, பகுதி வாரியாக, தேதி வரிசையில் அடுக்கியதும் ஏழாம் நம்பர் ஃபிரேமின் மெயின் மோட்டார் ஓட்டம் தனியாகத் தெரிகிறது. இந்த ஃபிரேமில் மோட்டாரிலிருந்து மெஷினுக்கு நான்கு வி-பெல்ட் வழியாக ஓட்டம் போகிறது.

ஏப்ரல் 4, பெல்ட் அறுந்தது, ஒன்று மாற்றியது, 50 நிமிடம். ஏப்ரல் 15, ஸ்பீடு கம்மி, பெல்ட் டைட் செய்தது, 20 நிமிடம். ஏப்ரல் 28, ஓவர்லோட் ட்ரிப், ரீசெட் செய்து ஓட்டியது, 15 நிமிடம். மே 9, மோட்டார் சத்தம், பேரிங் மாற்றியது, நான்கரை மணி நேரம். மே 21, வி பெல்ட் கட், ஒன்று புதுசு, 55 நிமிடம். ஜூன் 2, பெல்ட் லூஸ், டைட் செய்தது, 25 நிமிடம். ஜூன் 17, மோட்டார் பேரிங் போச்சு, மாற்றியது, மூன்று மணி இருபது நிமிடம்.

நானூறு வரிக்குள் சிதறிக் கிடந்தபோது இவை ஏழு சம்பவம். எழுதிய கையெழுத்தே நான்கைந்து. ஷிப்ட் மாறி மாறி வருவதால் ஏழையும் ஒருசேரப் பார்த்த பிட்டர் ஒருவரும் இல்லை. வரிசையாக அடுக்கியதும், பெல்ட் அறுகிறது, பிறகு இழுத்துக் கட்டுகிறார்கள், பிறகு பேரிங் போகிறது, மறுபடி பெல்ட் அறுகிறது, மறுபடி இழுத்துக் கட்டுகிறார்கள், மறுபடி பேரிங் போகிறது. ஒரே சுற்று இரண்டு முறை சுற்றியிருக்கிறது. பெல்ட்டுக்கு ஒரு வரி, பேரிங்குக்கு ஒரு வரி, எலெக்ட்ரிகலுக்கு ஒரு வரி என்று பாகம் வாரியாக மட்டும் எண்ணியிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது. மூன்று மாதத்தில் மில் முழுக்க எத்தனையோ பெல்ட் அறுகிறது, எத்தனையோ பேரிங் மாறுகிறது. அந்த எண்ணிக்கையில் இது கரைந்துபோயிருக்கும்.

நேரக் கணக்குக்கு வருவோம். மே 9 பதிவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். இரண்டாம் ஷிப்ட் மாலை நான்கிலிருந்து நள்ளிரவு பன்னிரண்டு வரை. மெஷின் நின்றது இரவு 11:20-க்கு. இரண்டாம் ஷிப்ட் பிட்டர் ‘11:20 நின்றது, பேரிங் வேலை நடக்கிறது’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர் மறுநாள் தேதி போட்டு ‘ஆர்.எஃப். 7 மோட்டார் பேரிங் மாற்றியது, 3:50 ஓடியது’ என்று எழுதினார். ரிஜிஸ்டரில் இரண்டு பதிவு, நடந்ததோ ஒரு பழுது. வரிகளை எண்ணினால் பேரிங் இரண்டு முறை போனதாக வரும். நேரத்தை எக்செல்லில் நேரடியாகக் கழித்தாலும் வம்புதான். 3:50-லிருந்து 11:20-ஐக் கழித்தால் மைனஸில் வருகிறது, கட்டத்தில் வெறும் ##### தெரிகிறது. அவசரக்காரர்கள் மாற்றிக் கழித்து 19 மணி 30 நிமிடம் என்று போட்டுவிடுவார்கள். நின்ற நேரம் C கட்டத்திலும் ஓடிய நேரம் D கட்டத்திலும் இருந்தால், நள்ளிரவைத் தாண்டும் பதிவுக்கு இப்படிப் போட வேண்டும்:

```
=MOD(D2-C2,1)
```

கட்டத்தை மணி–நிமிட வடிவத்துக்கு மாற்றினால் 4:30 என்று சரியாக வரும். மெஷின் 24 மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் இந்தச் சூத்திரமும் ஏமாற்றிவிடும், முழு நாளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அதனால் நின்ற தேதி, ஓடிய தேதி இரண்டையும் சேர்த்து எழுதச் சொல்வதுதான் நல்லது.

நான்கரை மணி நேரம் என்று கண்டுபிடித்தாகிவிட்டது. இன்னும் வேலை முடியவில்லை. பேரிங்கைக் கழற்றி மாட்ட அத்தனை நேரமா ஆகும்? பிட்டரைக் கேட்டால்தான் தெரியும்.

“சார், கழட்டி மாட்டறது ரெண்டு மணி நேரந்தானுங்க. 6313 பேரிங் ஸ்டோர்ஸ்ல இருக்குதுங்க, ஆனா ராத்திரி ஸ்டோர்ஸ் பூட்டியிருக்குமுங்க. ஸ்டோர் கீப்பர் அண்ணனுக்குப் போன் அடிச்சு, அவர் ஊர்லயிருந்து வண்டி எடுத்துட்டு வந்து சாவி குடுக்கறதுக்கு ரெண்டரை மணி நேரம் ஆயிப்போச்சுங்க.”

நான்கரை மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் வேலை, இரண்டரை மணி நேரம் சாவிக்குக் காத்திருந்தது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத சுருக்கத்தைப் படிக்கும் மேனேஜர் ‘பிட்டர்கள் ஸ்லோ’ என்று முடிவு கட்டுவார். பிரித்துக் காட்டினால் ‘ராத்திரிக்கு ஒரு சாவி ஷிப்ட் சூப்பர்வைசரிடம் இருக்கட்டும்’ என்று உத்தரவு போடுவார். சொல்லப்போனால் சாவிக்குக் காத்திருந்ததும் திரும்பத் திரும்ப வரும் ஒரு பழுதுதான். எந்த மெஷினின் பெயரிலும் அது ரிஜிஸ்டரில் ஏறியிருக்காது, அவ்வளவே. இரவு ஷிப்டில் ஸ்பேர் மாற்றிய பதிவுகளை மட்டும் தனியாக எடுத்து, அதே வேலை பகலில் எத்தனை நேரத்தில் முடிகிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு இரவு வேலையும் பகல் வேலையைவிட ஒன்றிரண்டு மணி நேரம் நீண்டிருந்தால், அந்த நேரத்தைத் தின்றது மெஷின் இல்லை. இதைச் செய்ய ரிஜிஸ்டரில் இன்னும் ஒரே ஒரு கட்டம் போதும்: ‘ஸ்பேர் கைக்கு வந்த நேரம்’.

இன்னொன்றும் உண்டு. அரை மணிக்கு மேல் நின்றால் மேனேஜருக்குத் தனி ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கும் இடங்களில் 25 நிமிடப் பதிவுகள் வரிசைகட்டி நிற்கும். 35, 40 நிமிடப் பதிவுகள் அபூர்வமாகிவிடும். மெஷின்கள் அப்படிக் கடிகாரம் பார்த்து ரிப்பேர் ஆவதில்லை. புது ரிங் ஃபிரேம்களின் திரையில் நின்ற நேரம் தானாகவே பதிவாகிறது. பத்துப் பதிவை மட்டும் அதோடு ஒத்துப் பார்த்தால் ரிஜிஸ்டரின் நேரத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிந்துவிடும். ஆளைப் பிடிப்பதற்கு இதைப் பயன்படுத்தினால் அடுத்த மாதத்திலிருந்து பதிவே குறைந்துவிடும், எச்சரிக்கை.

ஏழாம் நம்பரின் மொத்த நேரம் இப்போது 635 நிமிடம், அதாவது 10 மணி 35 நிமிடம். மணிக்கு 18 கிலோ என்று போட்டால் சுமார் 190 கிலோ நூல். இதைப் பழுதுக்குச் சராசரி 91 நிமிடம் என்று எழுதும் வழக்கம் உண்டு. மெயின்டனன்ஸ் ஆடிட்டில் இந்தச் சராசரியை விரும்பிக் கேட்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு மரியாதை இல்லை. ஏழு பழுதில் ஒன்றுகூட 91 நிமிடத்துக்குப் பக்கத்தில் இல்லை. ஐந்து பழுது ஒரு மணிக்குள் முடிந்தது, இரண்டு பழுது மூன்று மணியைத் தாண்டியது. நேரத்தில் முக்கால் பங்கு அந்த இரண்டு பேரிங்கில் போயிருக்கிறது. சிறுபான்மைக் காரணங்கள் பெரும்பான்மை நஷ்டத்தைத் தரும் என்பதைத் தரக்கட்டுப்பாட்டு நிபுணர் ஜோசப் ஜுரான், இத்தாலியப் பொருளாதார அறிஞர் பரேட்டோவின் பெயரால் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுவந்தார். சராசரியில் அது மறைந்துபோகும், வரிசைப்படுத்தினால் தெரியும்.

மூன்றாவது கேள்வி, ஸ்பேர். ரிஜிஸ்டர்படி ஏழாம் நம்பருக்குச் செலவானது பெல்ட் 2, பேரிங் 2. ஸ்டோர்ஸ் புத்தகத்தில் அதே மூன்று மாதத்தில் ஆர்.எஃப். 7 என்று எழுதி வாங்கியது பெல்ட் 4, பேரிங் 2. இரண்டு பெல்ட் எங்கே போச்சு?

திருட்டு என்று முதலில் நினைப்பவர்கள் மில்லில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். ஏப்ரல் 15-ல் ‘டைட் செய்தது’ என்று எழுதிய அன்று பெல்ட்டும் மாற்றியிருக்கலாம், எழுத விட்டிருக்கலாம். பன்னிரண்டாம் நம்பருக்கு அவசரமாகத் தேவைப்பட்டு ஏழின் பெயரில் வாங்கியிருக்கலாம். எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது, ராத்திரி ஸ்டோர்ஸ் பூட்டியிருக்கும் என்று தெரிந்த பிட்டர் பகலிலேயே இரண்டு பெல்ட்டைக் கூடுதலாக வாங்கித் தன் டூல் பெட்டியில் வைத்துக்கொள்வது. சாவிப் பிரச்சினை இங்கே வேறு உருவத்தில் வருகிறது. சுருக்கத்தில் ‘பெல்ட் 4’ என்று மட்டும் எழுதினாலும் தப்பு, ‘பெல்ட் 2’ என்று மட்டும் எழுதினாலும் தப்பு. இரண்டு எண்ணையும் எங்கிருந்து வந்தது என்று சொல்லி எழுதிவிட்டு, வித்தியாசத்தை வித்தியாசமாகவே காட்ட வேண்டும்.

ஸ்டோர்ஸ் புத்தகம் இன்னொன்றும் சொல்கிறது. நான்கு பெல்ட்டும் ஒவ்வொன்றாகத்தான் வெளியே போயிருக்கிறது. நான்கு தேதி, நான்கு இன்டென்ட், ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை 1.

பழுது ஏன் சுற்றிச் சுற்றி வந்தது என்பதற்கு விடை இந்த ‘1’-ல் இருக்கிறது. நான்கு பெல்ட் ஓடும் இடத்தில் ஒன்று அறுந்தால் நான்கையும் செட்டாக மாற்ற வேண்டும். பழைய மூன்றும் ஓடி ஓடி நீண்டிருக்கும், புதியது நீளாதது. ஒன்றை மட்டும் மாற்றினால் புதுப் பெல்ட் விறைப்பாக நின்று சுமையின் பெரும்பங்கைத் தானே இழுக்கும், மற்ற மூன்றும் தொளதொளவென்று கூடவே சுற்றும். புதியது சீக்கிரம் அறுகிறது, இல்லாவிட்டால் வழுக்குகிறது. வழுக்கினால் ஸ்பீடு குறைகிறது. ஸ்பீடு குறைந்தால் மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளி இழுத்துக் கட்டுகிறார்கள். தொளதொள பெல்ட்டும் பிடிக்கும் அளவுக்கு இழுத்தால் மோட்டார் தண்டின் புல்லிப் பக்க பேரிங்மேல் அளவுக்கு மீறிய இழுப்பு ஏறுகிறது. சில வாரத்தில் அந்தப் பேரிங் சத்தம் போடுகிறது. ஜூன் மாதப் பேரிங்கும் புல்லிப் பக்கத்துப் பேரிங்தானா என்பது இதற்கு நல்ல சாட்சி. மின்விசிறிப் பக்கத்துப் பேரிங் நன்றாக இருக்க, புல்லிப் பக்கத்துப் பேரிங் மட்டும் இரண்டு முறை போயிருந்தால் பெல்ட்டின் இழுப்பையே சந்தேகப்பட வேண்டும். ரிஜிஸ்டரில் வெறும் ‘பேரிங்’ என்றுதான் இருக்கிறது, எந்தப் பக்கம் என்று இல்லை. பிட்டரிடம் கேட்கலாம், கழற்றிய பேரிங் இன்னும் குப்பைக்குப் போகாமல் இருந்தால் அதையே எடுத்துப் பார்க்கலாம்.

ஏன் செட்டாக மாற்றவில்லை என்று கேட்டால் பிட்டரிடம் பதில் தயாராக இருக்கும். “நாலு கேட்டாலும் ஒண்ணுதானுங்க குடுக்கறாங்க. அறுந்தது ஒண்ணுதானே, நாலு எதுக்குன்னு கேக்கறாங்க.” ஸ்பேர் செலவைக் குறைக்கச் சொல்லி ஸ்டோர்ஸுக்கு மேலிடத்து உத்தரவு இருந்திருக்கும். மூன்று பெல்ட்டை மிச்சம் பிடித்த மில் இரண்டு மோட்டார் பேரிங்கும் பத்து மணி நேர ஓட்டமும் இழந்திருக்கிறது. பழுதும் நேரமும் ஒரு தாளில், ஸ்பேர் செலவு இன்னொரு தாளில் என்று தனித்தனியாகப் போகும் மில்லில் ஸ்டோர்ஸ் செலவைக் குறைத்ததற்குப் பாராட்டு வாங்கும், மெயின்டனன்ஸ் நேரம் போனதற்குத் திட்டு வாங்கும். இரண்டையும் ஒரே மெஷினுக்கு எதிரே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் உண்மை தெரியும். சுருக்கம் எழுதுவதில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தச் சேர்க்கைதான்.

ஏப்ரல் 28-ன் ஓவர்லோட் ட்ரிப்பை என்ன செய்வது? கெடத் தொடங்கிய பேரிங் இறுகினால் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்து ட்ரிப் ஆகலாம். வோல்டேஜ் குறைந்தாலும், ஒரு பேஸ் விட்டுப்போனாலும், ரிலே செட்டிங் தவறாக இருந்தாலும் இதேபோல ட்ரிப் ஆகும். அன்றைக்கு மற்ற ஃபிரேம்களும் அதே நேரத்தில் ட்ரிப் ஆனதா என்று ரிஜிஸ்டரில் பார்க்கலாம். ஆகியிருந்தால் கரண்ட் பக்கத்துப் பிரச்சினை, இந்தச் சங்கிலியிலிருந்து எடுத்துவிடலாம். ஏழு மட்டும் ஆகியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது, உறுதியாகிவிடவில்லை. சுருக்கத்தில் ‘சேர்த்திருக்கிறேன், உறுதியில்லை’ என்று எழுதுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஊகத்தையும் பதிவையும் ஒரே தொனியில் எழுதிவிட்டால் படிப்பவருக்குப் பிரித்துப் பார்க்க வழி இருக்காது.

மேனேஜருக்குப் போகும் தாளில் ஏழாம் நம்பருக்கு இவ்வளவு இருந்தால் போதும்:

“ஆர்.எஃப். 7, மெயின் மோட்டார் ஓட்டம். ஏப்ரல் முதல் ஜூன் வரை 7 முறை நின்றது (ஒன்று, ஏப்ரல் 28 ட்ரிப், உறுதியில்லை). மொத்தம் 10 மணி 35 நிமிடம், சுமார் 190 கிலோ. இதில் மே 9 இரவு ஸ்டோர்ஸ் சாவிக்குக் காத்திருந்தது 2 மணி 30 நிமிடம். ஸ்பேர்: 6313 பேரிங் 2, வி-பெல்ட் ஸ்டோர்ஸ் கணக்கில் 4, ரிஜிஸ்டரில் 2. பெல்ட் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டிருக்கிறது. ஊகம்: பெல்ட் செட் சமமில்லாததால் அதிகமாக இழுத்துக் கட்டியதில் பேரிங் போகிறது, புல்லி நேராக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. தேவை: 4 பெல்ட் ஒரே செட், புல்லி சோதிக்க 3 மணி நேர நிறுத்தம், இரவுக்கு ஸ்டோர்ஸ் சாவி.”

நானூறு பதிவிலிருந்து இப்படி மூன்று நான்கு பத்தி வந்தால் போதும். மிச்சத்தை ஒரு சின்ன அட்டவணையில் போட்டுப் பின்னால் வைத்துவிடலாம். இருபது மெஷினுக்கும் இருபது பத்தி எழுதினால் மேனேஜர் மூன்றாவது பத்தியில் தாளை மடித்து வைத்துவிடுவார். ஒவ்வொரு பத்தியின் கீழும் பதிவுகளின் தேதிகளைப் பொடி எழுத்தில் போட்டுவையுங்கள். ‘ஏழு முறையா, சும்மா சொல்லாதே’ என்று யாராவது கேட்டால் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டலாம்.

கொடுக்கும் முன் இந்தத் தாளைப் பிட்டர்களிடம் ஒருமுறை படித்துக் காட்டுவது அவசியம். ‘அன்னிக்கு மாத்துனது எட்டாம் நம்பர் சார், தப்பா ஏழுன்னு எழுதிட்டோம்’ என்று ஒரு வரி வந்தால் மொத்தக் கதையும் மாறிவிடும். அப்படி வருவது உண்டு.

நிறுத்தம் கிடைத்த அன்று என்ன பார்க்க வேண்டும்? மோட்டார் புல்லி முகத்திலும் மெஷின் புல்லி முகத்திலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் நான்கு இடத்திலும் தொட வேண்டும். ஓரிடத்தில் இடைவெளி தெரிந்தால் புல்லி நேராக இல்லை. கழற்றிய பெல்ட்டில் ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தாலும் அதே செய்திதான். வி-பெல்ட் பள்ளத்தின் இரண்டு சுவரையும் பிடித்து ஓட வேண்டும், அடியைத் தொடக்கூடாது. பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னினால் புல்லியே தேய்ந்துவிட்டது, புது செட் போட்டாலும் வழுக்கும். இவற்றைச் சரிசெய்து, நான்கு பெல்ட்டையும் ஒன்றாகப் போட்டு, சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு புதுப் பெல்ட் நீண்டதற்கு ஒருமுறை இறுக்கத்தைச் சரிபார்த்துவிட வேண்டும். அந்தச் சரிபார்ப்பு ரிஜிஸ்டரில் பிரேக்டவுனாக ஏறக்கூடாது, திட்டமிட்ட வேலை என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சுருக்கத்தில் அதுவும் ஒரு பழுதாக எண்ணப்படும்.

ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்குமான தாளில் ஏழாம் நம்பருக்கு எதிரே பெல்ட்டும் பேரிங்கும் வராமல் இருந்தால் ஊகம் சரி. பெல்ட் நின்று பேரிங் மட்டும் மறுபடி போனால் ஊகம் பாதிதான் சரி. அப்போது பார்க்க வேண்டியது மோட்டார் அடித்தளம், தண்டு, கிரீஸ், பேரிங் மாட்டிய முறை. பிட்டர் அப்போதாவது ‘புல்லிப் பக்கம்’ என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்து எழுதியிருந்தால் பாதித் தேடல் மிச்சம்.